‘தோணி’ ‘தேரணி’ ஆகாமல் இருக்க வடிவமைப்பாளருக்கு என்ன எழுதிக்கொடுப்பது?

கேள்வி: கல்லடிப் பாலம் தாண்டி, பிரதான வீதியில் சின்னதாய் ஒரு கபே திறக்கப் போகிறோம். பெயர் ‘தோணி’. டிசைன் செய்கிற தம்பி மூன்று மாதிரி அனுப்பினார். மூன்றும் வடிவாய்த்தான் இருக்கின்றன. ஆனால் அம்மா ஒன்றைப் பார்த்துவிட்டு, “தேரணியா? அதென்ன?” என்று கேட்கிறா. பலகைக்கு எட்டடிக்கு மூன்றடி இடம் இருக்கிறது. கப் எட்டு அவுன்ஸ். பெயர் எப்படித் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஒரு கடிதமாக எழுதிக்கொடுக்க நினைக்கிறேன். என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: அம்மாவை விட்டுவிடாதீர்கள். அடுத்த மாதிரி வந்தாலும் முதலில் அவவிடமே காட்டுங்கள். உங்களுக்கும் அந்தத் தம்பிக்கும் பெயர் ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்து எப்படி வளைந்திருந்தாலும் ‘தோணி’ என்றே கண்ணில் படும். வீதியில் போகிறவருக்கு அந்த வசதி இல்லை.

பெரும்பாலான கடைக்காரர்கள் எழுதிக்கொடுப்பது “மொடேர்னாக இருக்க வேண்டும், எங்கட ஊர் மணமும் வேண்டும்” என்றுதான். அதை வைத்து யாராலும் ஒன்றும் வரைய முடியாது. உங்கள் பெயர் எந்தெந்த இடத்தில் பிழையாக வாசிக்கப்படும், யார் எவ்வளவு தூரத்தில் நின்று அதைப் பார்ப்பார்கள் என்ற இரண்டையும் எழுதுங்கள். அழகை அவரிடமே விட்டுவிடலாம்.

‘தோணி’ பிழைக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது அம்மா கண்டுபிடித்தது. ‘தோ’வின் கடைசியில் வரும் கால், ‘ர’ இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம். ரகரத்துக்குக் கீழே இடப்பக்கமாக இறங்கும் வால் இருக்கிறது, காலுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த மாதிரியில் காலின் அடியில் ஓர் அலையோ தோணியின் வளைவோ வந்து ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் ‘தோணி’ என்றதும் எந்த வடிவமைப்பாளருக்கும் எழுத்தின் கீழே ஓர் அலை போடத்தான் கை போகும். அது காலைத் தொட்ட உடனே கால் ரகரமாகிவிடும். இதோடு எழுத்து இடைவெளியும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஆங்கில எழுத்துக்குச் செய்வதுபோல ஒரே அளவாக இடைவெளியைக் கூட்டும்போது சில மென்பொருள்களில் கொம்பும் தகரமும் காலும் தனித்தனியே விலகி நிற்கும். அப்போது ‘தே’ ஒன்று, ‘ர’ ஒன்று, ‘ணி’ ஒன்று என்றுதான் கண் பிரிக்கும். ‘தோ’வுக்குள் இருக்கும் மூன்று துண்டுகளும் நெருங்கியிருக்க வேண்டும், ‘தோ’வுக்கும் ‘ணி’க்கும் நடுவில்தான் கூடிய இடைவெளி வர வேண்டும்.

இரண்டாவது, கொம்பின் மேல் சுழி. அது இல்லாவிட்டால் நெடில் குறிலாகி ‘தொணி’ ஆகிவிடும். இரட்டைச் சுழியைப் பார்த்ததும் அதைக் கோப்பிக் கோப்பையாகவோ ஆவியாகவோ மாற்றச் சிலருக்கு ஆசை வரும். மாற்றட்டும், ஆனால் இரண்டு சுழியும் இரண்டாகவே தெரிய வேண்டும்.

மூன்றாவது மூன்று சுழி ணகரம். தடித்த எழுத்தில், அதுவும் உள்ளே விளக்குப் போட்ட எழுத்தில், சுழிகளின் நடுவில் இருக்கும் வெளி அடைபட்டுவிடும். இரவில் ஒளிரும் கோடு கண்ணுக்கு அதன் உண்மையான தடிப்பைவிடப் பருத்துத் தெரியும். சுழி ஒன்று மறைந்தால் வாசிக்கிறவருக்குக் கிடைப்பது ‘தோனி’. கிரிக்கெட் பார்க்க வருகிற இளைஞர் கூட்டம் கிடைக்கும், கோப்பி விற்குமா தெரியாது. எழுத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கோடு தடிக்க வேண்டாம் என்று எழுதுங்கள். ஓர் அடி உயர எழுத்துக்கு ஒன்றரை அங்குலம்.

இப்போது பலகையின் கணக்கு. பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு பழைய அளவு இருக்கிறது: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து வைத்தால் சிரமமில்லாமல் வாசிக்கலாம். அதைவிடத் தள்ளி நின்றும் வாசிக்கலாம்தான், ஆனால் கண்ணைச் சுருக்க வேண்டிவரும். இந்த அளவு ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. தமிழில் தகரத்தின் உடலை மட்டும் அளக்க வேண்டும், ‘ணி’யின் மேல் விசிறியைச் சேர்க்கக்கூடாது. சேர்த்து அளந்தால் காகிதத்தில் ஓர் அடி என்று இருக்கும், பலகையில் எழுத்து ஒன்பது அங்குலம்தான் வரும்.

‘தோணி’யின் அகலம், சாதாரண எழுத்துருவில், உடலின் உயரத்தைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. உடல் 12 அங்குலம் என்றால் பெயரின் நீளம் 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. உங்கள் எட்டடிப் பலகையில் இரண்டு பக்கமும் ஒன்றேகால் அடி வெறுமையாக நிற்கும். அது வீண் இல்லை, அந்த வெறுமைதான் பக்கத்துக் கடைப் பலகையிலிருந்து உங்கள் பெயரைப் பிரித்துக் காட்டும். உயரத்தில் விசிறிக்கு நாலு அங்குலம் விட்டாலும் மூன்றடியில் இருபது அங்குலம் மிஞ்சும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரைச் சின்னதாய் ஒரு வரியில் போட அது தாராளம். மெனுவை அங்கே போட வேண்டாம்.

12 அங்குலம் 120 அடிக்குப் போதும், அதாவது 36 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றரில் வருகிற ஆட்டோ ஒரு விநாடிக்கு 11 மீற்றர் போகும்; வாசிக்க மூன்று விநாடி கிடைக்கிறது. இரண்டு எழுத்துப் பெயருக்கு அது போதும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கடை முகப்பில் வீதிக்குச் சமாந்தரமாக மாட்டிய பலகையை வண்டியில் வருகிறவர் சரிவாகத்தான் பார்ப்பார், எழுத்துகள் அவருக்கு ஒடுங்கித் தெரியும். அதனாலும்தான் ‘தோ’வுக்கும் ‘ணி’க்கும் நடுவில் கூடிய இடைவெளி வேண்டும் என்றேன். இடம் இருந்தால் வீதியைக் குறுக்காகப் பார்க்கும்படி சின்னதாய் ஓர் இரட்டைப் பக்கப் பலகையும் வையுங்கள். அது நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆகவே வரைவதற்கு முன்னரே மாநகர சபையில் கேளுங்கள். உங்கள் வீதி ஏ4 என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் பக்கத்தில் இருப்பதால் சட்டத்துக்கு வெறும் இரும்பு வேண்டாம். அலுமினியமும் துருப்பிடிக்காத ஆணியும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாரி முடிய எழுத்தின் கீழே செம்மண் நிறத்தில் கோடு கோடாக வழிந்திருக்கும்.

கப் வேறு உலகம். எட்டு அவுன்ஸ் பேப்பர் கப்பின் சுற்றளவு நடுவில் 21 சென்டிமீற்றர் அளவு வரும். ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் வளைந்து மறையாமல் தெரிவது அதில் மூன்றில் ஒன்று, 7 சென்டிமீற்றர். அதனால் பெயர் ஐந்தரை சென்டிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. போனால் ‘தோ’ ஒரு பக்கமும் ‘ணி’ மறு பக்கமும் போய்விடும். எழுத்தின் உடல் ஒரு சென்டிமீற்றர் வரும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தரம் அச்சிட்டால் குடிக்கிறவருக்கும் எதிரே இருக்கிறவருக்கும் தெரியும். கை பிடிக்கிற நடுப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே பெயர் இருக்கட்டும், ஆனால் வாய் படுகிற விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீற்றராவது தள்ளி. பேப்பரை ஒட்டிய இணைப்புக் கோட்டின் மேல் வரவே கூடாது.

கப்பில் முதலில் தொலைந்துபோவது புள்ளி. ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது. இரண்டு மில்லிமீற்றர் எழுத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், மை ஊறி ‘மடடககளபபு’ என்று வரும். சின்ன வரி போடுவதானால் எழுத்தின் உடல் மூன்று மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், சுற்றியுள்ள மை எழுத்துக்குள் பரவும்.

இதையெல்லாம் கடிதமாக்கினால் இப்படி வரும்:

“தம்பி, அனுப்பிய மாதிரிகள் கிடைத்தன. இரண்டாவதை வைத்துக்கொண்டு மேலே போவோம். பெயர் ‘தோணி’. அதை ‘தேரணி’, ‘தொணி’, ‘தோனி’ என்று யாரும் வாசிக்கக்கூடாது. காலின் அடியில் அலை, வால், தோணி எதுவும் தொட வேண்டாம். தோணிப் படம் போடுவதானால் பெயருக்கு இடப்பக்கம் தனியாக நிற்கட்டும். கொம்பின் இரண்டு சுழியும் ணகரத்தின் மூன்று சுழியும் திறந்திருக்க வேண்டும். ‘தோ’வுக்குள் இடைவெளியைக் கூட்ட வேண்டாம், ‘தோ’வுக்கும் ‘ணி’க்கும் நடுவில் மட்டும் கூட்டுங்கோ.

பலகை எட்டடிக்கு மூன்றடி. தகரத்தின் உடல் 12 அங்குலம், கோடு ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாமல். கப் எட்டு அவுன்ஸ், பெயரின் அகலம் 55 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும். கப் அச்சிடுகிறவர்களின் விசிறி வடிவ மாதிரியை வாங்கி அனுப்புகிறேன், அதற்குள் வளைத்து வைத்துத் தாங்கோ. நிறம் எதுவானாலும் சரி, ஒரே நிறத்தில் போட்டாலும் பெயர் நிற்க வேண்டும்.

எழுத்தைக் கோடாக மாற்றிய PDF ஒன்று வேண்டும். பலகைக் கடையில் யாரும் பெயரைத் திரும்பத் தட்டக்கூடாது.”

அந்தக் கடைசி வரியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். நம் பக்கத்தில் இன்னும் பல கடைகளில் பாமினி எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். உங்கள் வடிவமைப்பாளர் யூனிகோடில் செய்த எழுத்தை அங்கே திறந்தால் ஒன்றில் வேறு எழுத்துரு வந்து உட்காரும், அல்லது கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உடனே கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்துத் தன்னிடமுள்ள எழுத்துருவில் புதிதாய்த் தட்டிவிடுவார். Illustrator-இல் Create Outlines, CorelDRAW-இல் Convert to Curves கொடுத்துவிட்டால் அது எழுத்தாக இல்லாமல் வெறும் கோடாகிவிடும், மாறாது. கொம்பு இடம் மாறும் கோளாறு தம்பியின் கணினியிலேயே இருந்தால், Illustrator-இல் Preferences-இன் Type பகுதியில் Show Indic Options என்பதைப் போட்டுவிட்டு, பெயரைத் தெரிவுசெய்து Paragraph பகுதியின் மெனுவில் Middle Eastern & South Asian Single-line Composer என்பதையும் கொடுத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய மாதிரி வந்ததும் தகரத்தின் உடல் ஓர் அங்குலம் வரும்படி சாதாரணத் தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். வீதியில் 120 அடியில் தெரியப்போவது அதே அளவுதான். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து சரிவாகவும் பாருங்கள். கப்புக்கான மாதிரியை உண்மை அளவில் அச்சிட்டு ஒரு வெறும் கப்பில் சுற்றி, கைபேசியில் ஒரு படம் எடுங்கள். பெயர் தெரியாத இரண்டு பேரிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ‘தோணி’ என்று தடுமாறாமல் வந்தால் பலகைக்கு முற்பணம் கொடுக்கலாம். அச்சிட்ட கப்புக்கு ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். அதுவரை வெறும் கப்பில் அதே அளவு ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாம், கடை திறந்த பிறகு ஏதாவது மாற்ற வேண்டுமென்றாலும் ஸ்டிக்கரோடு போய்விடும்.