“தலையாட்டினார்” என்றால் போதாது

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டன. காதும் மந்தம், மெஷின் வைத்துக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது கேட்கும். பத்து வருடமாக நான்தான் கூட இருந்து பார்க்கிறேன். குடியிருக்கும் வீட்டை எனக்கும், ஒன்றரை ஏக்கர் நிலத்தை அண்ணனுக்கும் எழுதிவைக்க வேண்டும் என்கிறார். இரண்டும் அவர் சம்பாதித்தவை. “கண் தெரியாதவர் எழுதும் உயில் கோர்ட்டில் நிற்காது” என்கிறார் பத்திரம் எழுதுபவர். உண்மையா? நானே அப்பாவுக்குப் படித்துக்காட்டி ரேகை வாங்கிவிட்டால் போதாதா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் சொன்னது தவறு. நீங்கள் செய்ய நினைப்பது அதைவிடத் தவறு.

1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் யாராக இருந்தாலும், தான் செய்வது இன்னது என்று தெரிந்து செய்ய முடிந்தால் உயில் எழுதலாம். ஆக, அப்பாவின் கண்ணும் காதும் தடையில்லை. ‘தெரிந்து செய்தார்’ என்பதைப் பிற்பாடு யார், எப்படி நிரூபிப்பார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அண்ணன் எதிர்த்தால் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். அப்பா அப்போது இருக்கமாட்டார்.

உச்ச நீதிமன்றம் 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லா உயில் வழக்கிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடம் இருந்தால், அந்த உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்பவர்தான் அந்தச் சந்தேகத்தைப் போக்கவேண்டும். உயிலால் பெரிய ஆதாயம் அடைகிறவரே முன்னின்று அதைத் தயார் செய்திருந்தால், அதுவே ஒரு சந்தேகம். நீங்களே படித்துக்காட்டி, நீங்களே விரலைப் பிடித்து மையில் வைத்தால், எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவும் இதையே வேறு வழியில் சொல்கிறது: உதவி செய்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு சொத்து விவகாரத்தில் நலன் மோதினால், அந்த விவகாரத்தில் அவர் உதவியாளராக இருக்கக்கூடாது. மகள் என்பதாலேயே நலன் மோதுகிறது என்று கருதக்கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வீடு வருகிறதே!

வக்கீலாக நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் உயில் எழுதிய பெரியவருக்குக் கண் நன்றாகத் தெரியும். படிக்கத் தெரியாது, காதும் கேட்காது. சாட்சி கூண்டில் ஏறி, “முழுசாப் படிச்சுக் காட்டினோம், தலையாட்டினார்” என்றார். குறுக்கு விசாரணையில் வந்த முதல் கேள்வி: “அன்னைக்கு அவர் காதில் மெஷின் இருந்ததா?” சாட்சி யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார். “நீங்கள் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டாலும் தலையாட்டுவாரா?” “ஆமாங்க, எதைக் கேட்டாலும் ஆட்டுவார்.” அத்தோடு அந்த உயிலின் கதை முடிந்தது. காது மந்தமானவர்களோடு இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு தலையாட்டலோடு விட்டுவிடுவார்கள்.

அதனால் அப்பாவிடம் யாரும் “சரிதானே?” என்று கேட்கக்கூடாது. “வீடு யாருக்கு?”, “நிலம் யாருக்கு?”, “பையனுக்கு வீட்டில் பங்கு இல்லையே, ஏன்?”, “நாளைக்கு மனசு மாறினால் என்ன செய்வீங்க?” என்று அவர் வாயைத் திறந்து சொல்லியாகவேண்டிய கேள்விகளாக இருக்கட்டும். கடைசிக் கேள்விக்கு “மாத்தி எழுதிக்குவேன்” என்றோ, “கிழிச்சுப் போட்டுடுவேன்” என்றோ பதில் வந்தால், உயில் என்றால் என்ன என்பதும் அவருக்குப் புரிந்திருக்கிறது. அப்படி இல்லாமல் “எழுதிக் குடுத்தாச்சே, இனிமே அது அவளுதுதானே” என்றால், தானப் பத்திரத்தையும் உயிலையும் குழப்பிக்கொள்கிறார் என்று அர்த்தம். விளக்கிச் சொல்லிவிட்டு இன்னொரு நாள் உட்காரவேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் ஒரு வக்கீலோ எழுத்தரோ அப்பாவிடம் தனியாகப் பேசி, அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் காபி கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாசகம் அப்பா பேசும் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சொத்து விவரம் எழுதும் இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வே எண்ணைப் படித்துக்காட்டினால் கண் தெரியாத மனிதர் அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்? அந்த நிலத்தை அவர் வாய்க்கால் மேட்டுக் கொல்லை என்று சொல்பவராக இருந்தால், சர்வே எண்ணோடு அந்தப் பெயரும், எந்த வருடம் யாரிடம் வாங்கியது என்பதும் உயிலில் வரவேண்டும். காதில் விழுந்ததும் “ஆமா, அதுதான்” என்று அவரால் சொல்ல முடியும். வீட்டை ஏன் உங்களுக்குத் தருகிறார் என்ற காரணமும் அவர் வார்த்தையிலேயே இரண்டு வரி இருக்கட்டும்.

வரைவு தயாரானதும் ஒரு ஒத்திகை வாசிப்பு வையுங்கள். நான் இதில் ஒரு குறும்பு செய்வதுண்டு. ஒரு முறை கண் தெரியாத ஒரு அம்மாவுக்கு வரைவைப் படிக்கும்போது, வேண்டுமென்றே நகையைப் பெரிய மருமகளுக்கு என்று மாற்றிப் படித்தேன். “யாரு சொன்னா உங்ககிட்ட? சின்னவளுக்குன்னுல்ல சொன்னேன்!” என்று சீறினார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? இதை வரைவில் மட்டும்தான் செய்யலாம். கையெழுத்துப் போடும் நாளில் விளையாட்டே கூடாது.

சாட்சிகள் இரண்டு பேர் சட்டப்படி கட்டாயம். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரியவேண்டும் என்றோ, இருவரும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. உங்கள் அப்பா விஷயத்தில் இரண்டையும் செய்யுங்கள். சொத்தில் பங்கில்லாத, அப்பாவைவிட வயதில் நன்றாகக் குறைந்த, அவர் பேச்சு பழகிய இரண்டு பேர் வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டியிருக்கும். அவரோடொத்த வயது நண்பர்களைப் பிடித்தால் அதற்குள் அவர்களும் இல்லாமல் போகலாம். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒருவர் சாட்சியாக வந்தால் நல்லது. வராவிட்டால் அதே வாரத்தில் ஒரு சான்றிதழ் வாங்குங்கள். ‘நல்ல மனநிலையில் உள்ளார்’ என்ற ஒற்றை வரி போதாது. மெஷின் வைத்த காதில் பேசியதும் அவர் பொருத்தமாகப் பதில் சொன்னதும் அதில் இருக்கவேண்டும்.

கையெழுத்து நாளில், மின்விசிறி சத்தம்கூட இல்லாத அறையில், சாட்சிகளில் ஒருவர் அப்பாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, அச்சான தாளையே பத்தி பத்தியாகப் படிக்கட்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அப்பா தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். முடிந்தவுடன், தாள் அறையை விட்டு வெளியே போகாமல், அங்கேயே கையெழுத்து. ஒரு எழுத்துப்பிழை இருந்தது என்று திரும்ப அச்செடுத்தால் திரும்பவும் முழுசாகப் படித்தாகவேண்டும். தாள் மாறியது கண் தெரியாதவருக்குத் தெரியாதே! கூடுமானவரை ஒரே தாளில் அடக்குங்கள். இரண்டு தாள் என்றால் ஒவ்வொன்றிலும் கையெழுத்து வேண்டும்.

அப்பா இதுவரை கையெழுத்துப் போட்டு வந்தவர் என்றால் ரேகைக்கு மாறவேண்டாம். கோட்டுக்கு அடியில் ஒரு ஸ்கேலை வைத்து விரலால் தடவிக் காட்டினால் போட்டுவிடுவார். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் இடது பெருவிரல் ரேகையும் வையுங்கள். சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும் என்பது 63-வது பிரிவு. அவரால் பார்க்க முடியாது என்பதால், “ஐயா, நான் இப்போ சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்” என்று காதருகில் சொல்லிவிட்டுப் போடட்டும்.

கடைசியில் சாட்சிகளின் பெயருக்கு மேல் இந்த வாசகம் வேண்டும்: “கண் பார்வை இல்லாதவரும் செவித்திறன் குறைந்தவருமான மேற்படியாருக்கு, அவர் செவிக்கருவி அணிந்திருந்த நிலையில், எங்களில் முதல் சாட்சி இந்த உயிலை முழுவதும் வாசித்துக் காட்ட, அவர் கேட்டு, அதன் விவரத்தைத் தம் சொந்த வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, எங்கள் இருவர் முன்னிலையிலும் கையொப்பமிட்டு ரேகை வைத்தார்; நாங்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட்டோம்.” நடக்காததை எழுதாதீர்கள். செவிக்கருவி அன்றைக்குப் பழுதென்றால் உயிலையே தள்ளிப்போடுங்கள்.

வாசிப்பு தொடங்கியதிலிருந்து கையெழுத்து முடியும்வரை வெட்டாமல் செல்போனில் வீடியோ எடுத்துவைக்கலாம். அது துணைதான், சாட்சிகளுக்கு மாற்று இல்லை. பதிவும் அப்படித்தான். உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முத்திரைத் தாளும் வேண்டாம். ஆனாலும் உங்கள் நிலையில் நான் பதியச் சொல்வேன். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது மனிதர் ஒருவர் அப்பாவை நேரில் பார்த்து, “நீங்கள் எழுதியதுதானா?” என்று கேட்கிறார் இல்லையா, அதற்காக. நடமாட முடியாதவர் என்றால் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்க வழி இருக்கிறது. பதிந்த உயிலும் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். முத்திரை குத்தியதாலேயே அப்பாவுக்குப் புரிந்தது என்று ஆகிவிடாது.

உங்கள் வேலை கையெழுத்துக்கு முதல் நாளே முடிந்துவிடும். காது மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, அப்பாவுக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் சாட்சிகள் வந்ததும் கடைத்தெருப் பக்கம் போய்விட்டு, அவர்கள் கூப்பிட்டபிறகு வாருங்கள்.