தேதிக்கோட்டின் மேல் பிறந்த குழந்தைக்கு எந்தத் தேதி?

"ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரும் விமானத்தில், தேதிக்கோட்டைத் தாண்டும் நேரத்தில் குழந்தை பிறந்தது. ஜூன் 13 என்று எழுதுவதா, 14 என்று எழுதுவதா?"

பிறந்த கணத்தில் விமானம், பசிபிக் நடுவே இரண்டு தேதிகளைப் பிரிக்கும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கத்துத் தேதிதான். கிளம்பிய ஊரின் தேதியும் இறங்கிய ஊரின் தேதியும் கணக்கில் வராது.

குழப்பம் பெரும்பாலும் கைக்கடிகாரத்தால் வருகிறது. பிறந்தது ஜூன் 14, உலகப் பொது நேரமான UTC-யில் 08:40 என்று வையுங்கள். ஆக்லாந்தில் அப்போது 14 இரவு 8:40, லாஸ் ஏஞ்சலஸில் 14 அதிகாலை 1:40. இரண்டு ஊரும் 14 என்றே சொல்கின்றன. ஆனால் விமானம் மேற்கு 178 பாகையில் இருந்திருந்தால், திறந்த கடலுக்கான கடல்சார் நேர வலயப்படி UTC-யில் 12 மணி கழிக்க வேண்டும்: 13 இரவு 8:40. கிழக்கு 178 என்றால் 12 மணி கூட்ட வேண்டும்: 14 இரவு 8:40. மணி ஒன்றே, நாள்தான் மாறுகிறது.

ஆகவே விமான நிறுவனத்திடம் விமானியின் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். அதில் இரண்டைப் பாருங்கள்: UTC நேரம், தீர்க்கரேகை. தீர்க்கரேகையோடு E இருக்கிறதா, W இருக்கிறதா என்பதே முடிவு. "லாஸ் ஏஞ்சலஸ் நேரப்படி" என்று யாராவது குறித்திருந்தால் அதை முதலில் UTC ஆக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: திறந்த கடலுக்கு மேல்தான் 180 பாகை எல்லை. டோங்கா, சமோவா, கிரிபாட்டி பக்கம் கோடு வளைகிறது, அங்கே அந்தந்த நாட்டுத் தேதியே. இதற்கென உலகப் பொதுச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் குழந்தையை முதலில் இறக்கிய மாநிலம்தான் பொதுவாகப் பதிவு செய்யும். சான்றிதழில் ஏறும் தேதியே கடவுச்சீட்டுக்கும் போகும், அதனால் நகலோடு போய்ப் பதியுங்கள்.