ஆலை நின்றது, நிறுத்தியது யார்?

அன்புள்ள ஐயா,

பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் வரலாறு பற்றிய ஓர் ஆங்கில ஆய்வேட்டைத் தமிழாக்கி வருகிறேன். மொத்தம் 7 இயல்கள். ஐந்தாவதுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், ஒரே சொல்லுக்கு இயலுக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறேன். இருமொழிச் சொற்பட்டியல் எப்படிப் போடுவது? எல்லாச் சொல்லையும் ஏற்ற வேண்டுமா?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

வேண்டாம். எந்தச் சொல் மாறினால் ஆய்வாளரின் வாதமே மாறிப்போகுமோ, அதை மட்டும் ஏற்றுங்கள்.

உங்கள் ஆய்வேட்டில் ஸ்டிரைக், லாக்அவுட், ஸ்டாப்பேஜ் மூன்றும் கட்டாயம் வரும். முதலாவதில் வேலையை நிறுத்துவது தொழிலாளர். இரண்டாவதில் கதவைச் சாத்துவது நிர்வாகம். மூன்றாவது, யார் நிறுத்தினார் என்று சொல்லாமல் வேலை நின்றதை மட்டும் சொல்கிறது. 1921 போராட்டத்தை விவரிக்கிற பக்கத்தில் ஆய்வாளர் ஸ்டாப்பேஜ் என்று எழுதியிருக்க, நீங்கள் 'வேலைநிறுத்தம்' என்று போட்டால், அவர் சுமத்தாத பொறுப்பைத் தொழிலாளர் தலையில் நீங்கள் ஏற்றிவிடுகிறீர்கள். அதனால் வேலைநிறுத்தம், கதவடைப்பு, வேலை முடக்கம் என்று மூன்று தனி வரி.

எக்செல்லில் நான்கு கட்டம் போதும்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், அது முதலில் வரும் ஆங்கில வாக்கியம், எங்கே போடக்கூடாது என்ற குறிப்பு. கடைசிக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கதவடைப்புக்கு நேரே 'கடைகள் மூடினால் கடையடைப்பு, இது அல்ல' என்று எழுதி வைத்தால் ஆறாம் இயலில் தடுமாற மாட்டீர்கள். லேபர் என்ற சொல்லுக்கு ஒரு வரி போதாது. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் அது 'தொழிலாளர்'. கூலியையும் லாபத்தையும் பேசுமிடத்தில் 'உழைப்பு'.

அப்புறம், பழைய இயல்களைத் திருத்துவது. இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன். 'வேலைநிறுத்தம்' என்று தேடி, வந்ததையெல்லாம் சரிபார்த்து, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன். வேலைநிறுத்தத்தை, வேலைநிறுத்தத்தால், வேலைநிறுத்தக் குழு எதுவுமே அந்தத் தேடலில் சிக்கவில்லை. நம் சொல் வேற்றுமை ஏற்றால் வால் மாறிவிடும். ஆகவே 'வேலைநிறுத்த' என்று மட்டும் தேடுங்கள்; இடைவெளி விட்டு 'வேலை நிறுத்த' என்று இன்னொரு முறை. கதவடைப்புக்கு 'கதவடை' போதும். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். ஒட்டும் சந்தியும் சேர்ந்து கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

மேற்கோள்களில் உங்கள் பட்டியல் செல்லாது. திரு.வி.க.வின் 'தேசபக்தன்' இதழிலிருந்து ஒரு வரியை ஆய்வாளர் ஆங்கிலத்தில் தந்திருந்தால், அதை மறுபடி தமிழாக்காமல் மூல இதழைத் தேடிப் பிடியுங்கள். அன்று அச்சான சொல் எதுவோ, அதை அப்படியே வையுங்கள். உங்கள் சொல்லிலிருந்து அது வேறுபட்டால் ஓர் அடிக்குறிப்பு போடுங்கள்.