தனியாகப் பார்க்காதீர்கள்

*வணக்கம் ஐயா. எனக்கு வயது 27, பட்டர்வொர்த்தில் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஆசையாகப் போட்டு உட்காருகிறேன். இருபது நிமிடத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. எல்லாமே மெதுவாக நகர்கிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் தப்பா? கலர் ஏற்றிய பதிப்புகள் உதவுமா? தொடங்குவதற்கு ஒரு பத்துப் படம் சொல்லுங்கள்.*

*ஒரு வாசகர், பட்டர்வொர்த்*

அன்புள்ள தம்பி,

பத்துப் படமெல்லாம் சொல்ல மாட்டேன். என்னிடம் பட்டியல் வாங்கிப் போனவர்களில் மூன்றாவது படத்தைத் தாண்டியவர் யாரும் இல்லை. கலர் ஏற்றினால் உதவுமா என்றால், உதவாது. இழுவையாகத் தெரிகிற படம் கலரிலும் இழுக்கத்தான் செய்யும். அதை விட்டுவிடுவோம். 'சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நோன்புப் பெருநாள் சமயத்தில் டிவியில் 'மடு தீகா' போடுகிறார்கள். 1964இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், உங்கள் பினாங்கில் பிறந்த பி. ரம்லி இயக்கி நடித்தது. மூன்று பெண்டாட்டிகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டு அந்த மனிதன் படும் பாட்டைப் பார்த்து நம் வீடுகளில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, நம் வீடு, எல்லா வீட்டிலும்தான். அந்தப் படம் மெதுவாகப் போகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அதே ஆண்டுகளில் வந்த ஒரு சிவாஜி படத்தை ராத்திரி பதினொரு மணிக்கு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறீர்கள். தூக்கம் வராமல் என்ன செய்யும்?

வித்தியாசம் படத்தில் இல்லை தம்பி, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது. ரம்லி படத்தை நீங்கள் தனியாகப் பார்த்ததே இல்லை. அத்தை பிள்ளைகளில் ஒருவன் வசனத்தை முன்கூட்டியே சொல்வான், இன்னொருவன் அவன் தலையில் தட்டுவான், சமையல் அறையிலிருந்து அம்மா 'அந்த இடம் வந்திருச்சா' என்று கேட்பார். படம் மெதுவாகப் போகிற இடைவெளிகளில் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். படத்தை எடுத்தவர்கள் இடைவெளி விட்டதே அந்த ஆட்களுக்காகத்தான்.

நான் பழைய சினிமாவைக் கற்றுக்கொண்டது கெடாவில் ஒரு தோட்டத்துத் திடலில். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை, கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். ஒரு லாரி வரும், அதில் ஜெனரேட்டரும் 16 எம்.எம். புரொஜெக்டரும் இருக்கும். புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். ரீல் தீர்ந்தால் விளக்கு எரியும், அடுத்த ரீலை மாட்டும்வரை கச்சாங் பூத்தே விற்பவர் கூட்டத்துக்குள் புகுந்து வருவார். முன்பக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள் நாங்கள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவோம். அங்கே எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். எம்.ஜி.ஆர். இடது கையில் வாள் வீசுகிறவர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேசுவது பாதி காதில் விழாது, ஜெனரேட்டர் சத்தம். எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் 'ஐயோ, அவன் பேச்ச நம்பாதடி' என்று கதாநாயகிக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருப்பார். டவுனில் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த ஓர் ஆள் அடுத்து நடக்கப்போவதை உரக்க அறிவிப்பார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்தவர்களுக்கு யாராவது கதையை முதலிலிருந்து சொல்வார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு டூரிங் கொட்டகையிலும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். ஒற்றை புரொஜெக்டர், ரீலுக்கு ரீல் இடைவேளை, அழுகிற குழந்தைகள், பாதியில் நுழைகிறவர்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு எழுதுகிற ஒருவர் 'அண்ணன் பட்டணத்திலிருந்து நாளை வருகிறார்' என்பதை ஒரே ஒரு தடவை சொன்னால் போதுமா? ஒரு காட்சியில் அம்மா சொல்வார், அடுத்ததில் வேலைக்காரன் சொல்வான், பிறகு கடிதமே வரும். முதல் தடவை குழந்தை அழுததில் தவறவிட்டவர் இரண்டாவதில் பிடித்துக்கொள்வார். நீங்கள் மூன்றையும் கேட்டுவிட்டு எரிச்சல்படுகிறீர்கள். நியாயமான எரிச்சல்தான். ஆனால் அது எழுதத் தெரியாமல் எழுதியது என்று மட்டும் நினைக்காதீர்கள். கூட்டத்தின் சத்தத்தையும் மீறிப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதினார்கள். நடிகர்கள் உரக்கப் பேசுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும் என்று பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் பழகி வந்தவர்கள் அவர்கள்.

சிரிப்புக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் 'எ நைட் அட் தி ஆபெரா' எடுப்பதற்கு முன்னால், அதன் நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எந்த வசனத்துக்கு ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டு வந்து, படத்தில் அவ்வளவு இடம் விட்டார்கள். அடுத்த வசனம் சிரிப்பில் முங்கிப்போகக் கூடாது என்பதற்காக. அந்தப் படத்தைத் தனியாகப் பாருங்கள், ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னும் ஏதோ ஓட்டை மாதிரி தெரியும். நாலு பேரோடு பாருங்கள், ஓட்டையைக் காணோம். நம் ஆட்கள் கடிகாரம் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். ஆனால் நாடக மேடையிலிருந்து வந்தவர்களுக்கு அந்த இடைவெளி உடம்பிலேயே ஊறியிருந்தது. 'சபாஷ் மீனா' (1958) கிடைத்தால் சந்திரபாபுவின் ரிக்‌ஷாக்காரக் காட்சிகளைக் குடும்பத்தோடு போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஆகவே ஒன்றரை மடங்கு வேகம். தம்பி, இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கப்போவதில்லை. நீங்கள் வேகமாக ஓடவிட்டால் போவது அந்த இடைவெளிதான். வசனம் எப்படியும் காதில் விழுந்துவிடும், அந்த முகத்தில் அது இறங்குகிற நேரம் இருக்காது. கதை தெரிந்துவிடும், சரி. கதை மட்டும் போதுமென்றால் யாராவது மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுவார்களே, எதற்கு இரண்டு மணி நேரம்? பாட்டுகளை ஒன்றரை மடங்கில் கேட்டுப் பார்த்தீர்களா? சுசீலா எதையோ பிடிக்க ஓடுவதுபோல் பாடுவார். பிடிக்காத பாட்டா, தள்ளிவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பாட்டுக்குத்தான் பாதிப் பேர் வெளியே போய் பீடி பற்ற வைத்தார்கள். தள்ளுவது வேறு, அவசரப்படுத்துவது வேறு.

சரி, வீட்டில் கூட்டம் இல்லை, வாடகை அறையில் இருக்கிறேன் என்பீர்கள். அப்படியானால் கூட்டத்துக்காக இடம் விடாத படத்தில் தொடங்குங்கள். தமிழில் எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு படம், 'அந்த நாள்'. 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, நடனம் கிடையாது, தனி நகைச்சுவைப் பகுதியும் கிடையாது. வந்த காலத்தில் பெரிதாக ஓடவில்லை. நான் மேலே சொன்ன கூட்டத்துக்கு மூச்சுவிட அதில் இடமே இல்லை. உங்களுக்கு அதுதான் வசதி.

1943. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் காலை. ரேடியோ என்ஜினீயர் ராஜன், அதாவது சிவாஜி, வீட்டில் சுடப்பட்டுச் சாகிறார். கதாநாயகன் செத்துத்தான் படமே தொடங்குகிறது. விசாரிக்க வருகிற சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பிலிருந்த ஒரு பெண், ராஜனின் மனைவி உஷா என்று ஐந்து பேர் மேல் சந்தேகம். ஒவ்வொருவரும் தன் கணக்கில் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். இங்கேயும் திரும்பச் சொல்லுதல் இருக்கிறது பாருங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கதை மாறுகிறது. அதனால் நீங்கள் அலுக்க மாட்டீர்கள், ஒப்பிடத் தொடங்குவீர்கள்.

பார்க்கும்போது இரண்டு வேலை செய்யுங்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லி முடித்ததும் படத்தை நிறுத்துங்கள். இந்த ஆளுக்கு ராஜன் மேல் என்ன கோபம், அவர் சொன்னதில் எது அவர் கண்ணால் பார்த்தது, எது அவரே ஊகித்தது என்று யோசியுங்கள். போனில் யாரையாவது கூப்பிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது, கூட்டத்தில் ஓர் ஆள் சேர்ந்த மாதிரி. இரண்டாவது, சிவாஜியையே கவனியுங்கள். ஒருவர் கதையில் நடக்கிற மாதிரி இன்னொருவர் கதையில் அவர் நடக்க மாட்டார். குரலும் அப்படியே இருக்காது. ராஜன் யார் என்பதை விட, சொல்கிறவருக்கு ராஜன் யாராக இருந்தான் என்பதை அவர் நடித்துக் காட்டுகிறார். உரக்கப் பேசுவார் என்று நீங்கள் பயப்படுகிற அதே சிவாஜிதான்.

அப்புறம் உங்கள் டிவியையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்து வைத்திருந்தால் உஷாவாக வருகிற பண்டரிபாய்க்குக் கன்னம் வீங்கிக் கிடக்கும், முகத்தில் ஓடுகிற எதுவும் தெரியாது. அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இப்போதைய டிவிகளில் தானாகவே போட்டிருப்பார்கள், அதையும் அணைத்துவிடுங்கள்.

முடிவை இணையத்தில் தேடிப் பார்த்துவிடாதீர்கள். மூன்றாவது ஆள் கதை சொல்லி முடித்த இடத்தில் நிறுத்தி, யார் சுட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு எழுதும் கடிதம் வேண்டாம்.

அன்புடன்