"ஓம்" என்று மட்டும் வந்த குறுஞ்செய்தி

கேள்வி: அப்பா கிளினிக்குக்குப் போய்விட்டார், போன் வீட்டில். வாய்க்கால் பொறுப்பாளரிடமிருந்து "ஓம்" என்று மட்டும் மெசேஜ் வந்திருக்கிறது. அப்பா என்ன கேட்டார் என்று தெரியாது. களைநாசினி அடிக்க ஆள் வந்து நிற்கிறது. அடிக்கச் சொல்லவா?

பதில்: இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். ஆளை ஒரு மணி நேரம் இருத்தி வைத்துவிட்டு, பொறுப்பாளருக்கு அழையுங்கள். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றில் நான் செயலாளர். முறைத் தண்ணீர் ஓடும் காலத்தில் இந்த ஒற்றை "ஓம்" பலபேரை அலைக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வயலில் இது ஏன் பாரதூரமானது என்றால், முளைத்து வளர்ந்த களைக்கு அடிக்கிற மருந்து அதன் இலையில் பட வேண்டும். அதற்காகத் தண்ணீரை வடிக்கிறோம். அடித்து இரண்டு மூன்று நாளில் திரும்பத் தண்ணீர் கட்டாவிட்டால் புதுக் களை முளைத்துவிடும். ஆகவே அடிக்கிற நாளைத் தீர்மானிப்பது வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள்தான்.

இனி அப்பா என்ன கேட்டிருக்கலாம் என்று பாருங்கள். "வியாழன் எங்கட முறைதானே?" என்று கேட்டிருந்தால், இன்று செவ்வாய்க்கிழமை அடிக்கலாம், கணக்குச் சரி. "நாளைக்கே திறக்கினமோ?" என்று கேட்டிருந்தால், மருந்து இலையில் சரியாகப் பிடிக்க முதலே வயலில் தண்ணீர் ஏறிவிடும். "இந்த முறை எங்களுக்குத் தண்ணி இல்லையோ?" என்று கேட்டிருந்தால், அதே "ஓம்" தண்ணீர் இல்லை என்று சொல்கிறது. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் இல்லை என்கிறாரா, நீங்கள் நினைப்பது சரியில்லை என்கிறாரா என்று கேட்டவருக்கே தெரியாது. கேள்வியைப் பார்க்காத உங்களுக்கு எப்படித் தெரியும்?

போனிலேயே கொஞ்சம் தேடலாம். அந்த எண்ணுக்கு அப்பா அனுப்பிய செய்தி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம். குறுஞ்செய்தியில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கட்டிவைக்கும் வசதி இல்லை, வந்த ஒழுங்கில்தான் நிற்கும். போன் நிறுத்தியிருந்தாலோ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாலோ, செய்தி சேவை நிலையத்தில் காத்திருந்து பிறகுதான் வரும். எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதனால் நேற்றைய கேள்விக்கு வந்த "ஓம்" இன்றைய கேள்விக்குக் கீழே வந்து உட்காரலாம். பல போன்களில் செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், அனுப்பிய நேரமும் வந்த நேரமும் தனித்தனியாகத் தெரியும். அனுப்பிய நேரம் அப்பாவின் கடைசிக் கேள்விக்கு முந்தியது என்றால், அந்த "ஓம்" அதற்கான பதில் அல்ல. மேலே கேள்வியே இல்லாவிட்டால், அவர் சந்தியிலோ அழைப்பிலோ வாயால் கேட்டிருப்பார். அதைப் போனில் தேடிப் பயனில்லை.

பொறுப்பாளருக்கு அழைக்கும்போது "அண்ணை, நீங்கள் ஓம் எண்டது தண்ணிக்குத்தானே?" என்று கேட்காதீர்கள். அவர் இன்னொரு வாய்க்காலில் நின்றபடி அதற்கும் "ஓம், ஓம்" என்பார். "அண்ணை, எங்கட வாய்க்காலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கிறியள்?" என்று கேளுங்கள். அதற்கு ஓம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. தப்பித்தவறி ஓம் என்றால், அவர் கேள்வியைக் கேட்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும், திரும்பக் கேட்கலாம். ஆள் பிடிபடாவிட்டால் அதே கேள்வியைக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு, உங்கள் வாய்க்காலிலேயே வயல் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேளுங்கள். ஒரே வாய்க்காலுக்கு ஒரே முறைதான்.

எங்கள் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பதிலுக்குள்ளேயே விஷயத்தை எழுதுங்கள்: "நாளை காலை 3ஆம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்." தமிழில் எழுதும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துக்குறி பிடிக்கும். புள்ளியும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும், "கு" இரண்டு. அப்படி எண்ணியும் இந்த வரி 46தான், ஒரு செய்திக்குள் அடங்கும். "நாளை" என்பதற்குப் பதில் கிழமையை எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் செய்தி பிந்தி வந்தால் "நாளை" பிழைத்துவிடும். இப்படி எழுதினால் போனை யார் எடுத்துப் பார்த்தாலும், அம்மா பார்த்தாலும் நீங்கள் பார்த்தாலும், மருந்தடிக்க வந்தவருக்கு நேரே வாசித்துக் காட்டலாம்.

பின்னேரத்துக்குள் நாள் உறுதியாகாவிட்டால் ஆளை அனுப்பிவிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தினால் களை கொஞ்சம் வளரும், அவ்வளவுதான். மருந்து அடித்த பிறகு தண்ணீர் வராவிட்டால் அந்தக் காசும் போய்விடும், களையும் நிற்கும்.