பத்தாவதுல மேத்ஸ் 93, ஆனா எந்த குரூப்?

அண்ணா, பத்தாவதுல மேத்ஸ் 93, சயின்ஸ் 86, சோஷியல் 97. அப்பா பயோ-மேத்ஸ்தான்னு சொல்றார், மாமா காமர்ஸ் எடுத்து சிஏ பண்ணுங்கிறார், எனக்கு ஹிஸ்டரி பிடிக்கும், ஆனா அது மார்க் இல்லாதவங்க எடுக்குற குரூப்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க. எனக்கு எதுல திறமைன்னே தெரியல.

தம்பி, அந்த 93 எங்கருந்து வந்துச்சுன்னு முதல்ல பாரு. பத்தாவது பேப்பர்ல ஜியாமெட்ரியும் கிராஃபும் சேர்த்து 16 மார்க், அது கை பழகுனாலே வந்துடும். மிச்சத்துலயும் புக்ல இருக்குற எடுத்துக்காட்டு கணக்கை அஞ்சாறு தடவ போட்டுப் பாத்துட்டுப் போனா பாதி தேறிடும். அதனால மார்க்கை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, நான் அப்படித்தான் முடிவு பண்ணி ப்ளஸ் ஒன் முதல் மிட்டெர்ம்ல 31 வாங்கினேன்.

லீவுல ஒரு வேல பண்ணு. ப்ளஸ் ஒன் புக்ஸ் சீனியர்கிட்ட வாங்கிக்கோ, இல்ல நெட்லயே பிடிஎஃப் கிடைக்கும். மேத்ஸ்ல மூணாவது பாடம் ட்ரிகோணமெட்ரி, அதுல ஒரு பயிற்சிய கைடு இல்லாம போடு. வராதப்ப என்ன பண்றேன்னு கவனி, வேற ஃபார்முலால ட்ரை பண்ணலாமேன்னு தோணுதா, இல்ல விடைய பாத்து எழுதிட்டு எந்திரிச்சா போதும்னு இருக்கா.

அடுத்து அக்கவுன்டன்சில ட்ரையல் பேலன்ஸ் போட்டுப் பாரு, அதாவது எல்லா கணக்கோட பற்று, வரவு மீதியையும் தனித்தனியா கூட்டி ரெண்டும் சமமா வருதான்னு பாக்குற பட்டியல். ரெண்டு பக்கமும் டேலி ஆகாது, முதல் தடவ யாருக்கும் ஆகாது. 900 ரூபா இடிக்குதுன்னு வச்சுக்கோ, 9-ஆல வகுபடுது, அப்ப 5,400-ஐ 4,500-ன்னு மாத்தி எழுதிட்டியோன்னு தேடணும். அது இல்லன்னா பாதி 450, அந்தத் தொகைய பற்றுல வைக்க வேண்டியத வரவுல வச்சியான்னு பாக்கணும். இந்தத் தேடல்ல நேரம் போறதே தெரியலன்னா மாமா சொல்றதுல விஷயம் இருக்கு, எரிச்சலா வந்துச்சுன்னா சிஏவ மறந்துடு.

ஹிஸ்டரிக்கும் இதே மாதிரிதான். ஒரு பாடத்த படிச்சுட்டு புக்க மூடி, இது ஏன் அப்ப நடந்துச்சு, முன்னாடியே ஏன் நடக்கலன்னு ஒரு பக்கம் சொந்தமா எழுது. கதையா கேக்க பிடிக்கிறது வேற, இப்படி எழுத வர்றது வேற, 97 எதனாலன்னு அப்ப தெரியும். வந்துச்சுன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சுட்டுப் போகட்டும், அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பா இருந்தாலும் போலாம்.

அப்பா பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்ஆஃப் மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரிலதான் போடுறாங்க, நீட்டுக்கு பயாலஜி வேணும், காமர்ஸ் எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்ப முடியாது. சிஏ ஃபவுண்டேஷனுக்கு எந்த குரூப்பும் ஓகே. ஆனா கதவு திறந்திருக்கட்டும்னு மட்டும் ரெண்டு வருஷம் பிடிக்காத ஃபிசிக்ஸோட மல்லுக்கட்டாத, வர்ற மார்க்குக்கு அந்தக் கதவும் திறக்காது. மேத்ஸும் விட மனசில்லன்னா பிசினஸ் மேத்ஸ் இருக்குற காமர்ஸ் குரூப் உங்க ஸ்கூல்ல இருக்கான்னு கேளு, நிறைய ஸ்கூல்ல அதுக்குப் பதிலா கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்தான் வச்சிருப்பாங்க.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆச்சான்னு மட்டும் எழுது.