கொலுசுப் பட்டறையில் இடுக்கு எங்கே?

"சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நாளில் கம்பி இழுப்பு 60 ஜோடி, பற்றவைப்பு 30, மெருகு 50 தாங்கும். இன்னொரு மெருகு இயந்திரம் வாங்கலாமா?"

வேண்டாம். மெருகு எவ்வளவு வேகமானாலும் மாலையில் 30 ஜோடிதான் வெளியேறும். பற்றவைப்பவர் முன்னால் வேலை குவிந்து, மெருகுக்காரர் காத்திருக்கிறார் என்றால், மொத்த வேலையையும் தாமதப்படுத்தும் இடுக்கு பற்றவைப்புதான்.

முதலில் பற்றவைப்பவருடைய நேரத்தைக் குறித்துத் திட்டமிடுங்கள். 8 மணி நேரத்தில் 2 மணி நேரம் துண்டுகளை அடுக்குவதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம்; மீதி 6 மணி நேரத்தில் மணிக்கு 5 ஜோடி. அடுக்கும் வேலையைக் கம்பிப் பிரிவு ஆளிடம் கொடுத்து ஒரு வாரம் செய்து பாருங்கள். பிறகு சரிபார்க்கும்போது, பற்றவைத்தவற்றை எண்ணாமல் மெருகு முடிந்து தேறியவற்றை எண்ணுங்கள். அவசரத்தில் விட்டுப்போகும் இணைப்புகள் அங்கேதான் தெரியும். 40 தேறினால் அதையே வழக்கமாக்குங்கள். கம்பியையும் 40க்கு மேல் இழுக்காதீர்கள், வெள்ளியில் பணம் முடங்கும். பற்றவைப்பு 50ஐத் தாண்டும் நாளில் இடுக்கு மெருகுக்கு நகரும். இயந்திரத்தை அப்போது வாங்குங்கள்.